பொங்கல் விழா கிரீன் ரூம் ஏற்பாடு: ஆசிரியைகள், பெற்றோர், தொண்டர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை, ஜனவரி 17, 2026 மாலை 4.30 மணிக்குச் சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் விழா தொடங்கும். மொத்தம் 18 நிகழ்ச்சிகள், பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறவை. யார் மூத்தவர், எது பெரிய நடனம் என்று பார்த்து இந்த முறை வரிசை போடவில்லை. உடை மாற்ற யாருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை வைத்துத்தான் போட்டிருக்கிறோம். அதனால் அன்று மாலை யாரும் வரிசையை மாற்றச் சொல்ல வேண்டாம். ஒன்றை நகர்த்தினால் பின்னால் நான்கு பேருக்கு நேரம் போதாமல் போய்விடும்.

மிக நெருக்கடியான இடம் 7-ஆம் நிகழ்ச்சிக்கும் 11-ஆம் நிகழ்ச்சிக்கும் நடுவில் இருக்கிறது. கோலாட்டம் ஆடும் ஆறு பெரிய பெண்களும் அப்புறம் தில்லானாவுக்கு வர வேண்டும். இடையில் வயலின், சிறுவர் ஒயிலாட்டம், சேர்ந்திசை என மூன்றும் சேர்ந்து 15 நிமிடம். அறிவிப்புகளையும் சேர்த்தால் 18 நிமிடம் வரை கிடைக்கும். அவர்கள் நாட்டிய உடையின் பைஜாமாவையும் ரவிக்கையையும் முதலிலேயே போட்டுக்கொண்டு, அதன்மேல் பாவாடை தாவணி கட்ட வேண்டும். நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ஜடை எல்லாம் தொடக்கத்திலிருந்தே தலையில் இருக்கட்டும்; கோலாட்டத்துக்கும் அழகாகத்தான் இருக்கும். தாவணியின் நிறம் ரவிக்கையோடு சேர வேண்டும், ஆசிரியை அக்கா இப்போதே பார்த்துவிடுங்கள். மேடையிலிருந்து இறங்கியதும் மேலாக்கு, விசிறி, ஒட்டியாணம், கடைசியில் சலங்கை. ஒரு பெண்ணுக்கு ஒரு அம்மா கூடவே நிற்க வேண்டும். சலங்கை வாரை இறுக்கிக் கட்டுவது மட்டும் பழகிய கைகளிடம் இருக்கட்டும்.

கரகம் ஆடும் பெண்ணும் தில்லானாவில் இருக்கிறாள். கரகத்தை 13-ஆவதாக வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் ஒரே ஒரு பாட்டு, நான்கு நிமிடம். மூச்சு வாங்கிக்கொண்டே தலையில் கரகம் வைக்க விட எனக்கு மனமில்லை. 16-க்கு மாற்றியிருக்கிறேன்.

அறைகள் மூன்று. மேடைக்கு இடப்புறம் உள்ள பெரிய அறை பெண்களுக்கும் சிறுமிகளுக்கும். அங்கே ஆண்கள் யாரும் வரக்கூடாது, அப்பாவாக இருந்தாலும் கதவில் நிற்கும் அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள். கைபேசியில் படம் எடுப்பது உள்ளே கண்டிப்பாகக் கிடையாது. படத்துக்கு மண்டப வாசலில் தனி இடம் வைத்திருக்கிறோம். பின்புறம் உள்ள சிறிய அறை பையன்களுக்கு. மூன்றாவது அறை இசைக்காரர்களுக்கு மட்டும். மிருதங்கத்தையும் வயலினையும் சுருதி சேர்க்க அமைதி வேண்டும், அந்தப் பக்கம் சலங்கை சத்தம் வேண்டாம். மிருதங்கத்தை ஏசி காற்று நேராகப் படுகிற இடத்தில் வைக்காதீர்கள், சுருதி மாறிவிடும். காவடி நடைவழிக் கதவில் நுழையாது, மயிலிறகு ஒடியும். அதை மேடையின் வலப்புறத்திலேயே வைப்போம்.

டர்பன் நகரத்து ஜனவரிப் புழுக்கத்தில் முகப்பூச்சு வழியும். எனவே தலை அலங்காரம் முதலில், முகம் அடுத்து, உடை கடைசியில். பெரிய பெண்கள் 1.30-க்கு வரட்டும். கும்மி ஆடும் சின்னக் குழந்தைகள் 3.15-க்கு வந்தால் போதும். சீக்கிரம் வந்தால் மை கன்னம் வரை போய்விடும். உடை போடுவதற்கு முன்பே எல்லாரையும் கழிவறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். அல்தா வீட்டிலேயே வைத்து, நன்றாகக் காய்ந்தபின் கிளம்புங்கள். ஈரமாக வந்தால் பட்டுப் பாவாடையில் சிவப்பு ஒட்டும், துவைத்தாலும் போகாது. மல்லிகை வெயிலில் வாடுவதால் சிறுமிகளுக்குச் செயற்கைச் சரம் போதும்.

பன்னி சௌ, கறி எதுவும் உடை போட்டபின் அறைக்குள் வேண்டாம். பிஸ்கட்டும் தண்ணீரும் தருவோம், உறிஞ்சுகுழலோடு. இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவராமல் வீட்டிலேயே தேய்த்து ஹேங்கரில் மாட்டி எடுத்து வாருங்கள். மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம், ஒவ்வோர் அறையிலும் சார்ஜ் விளக்கு இருக்கும்.

ஒவ்வொரு பையிலும் நிகழ்ச்சி எண்ணைப் பெரிதாக எழுதி, வண்ண ரிப்பன் கட்டுங்கள்: நடனத்துக்குச் சிவப்பு, கிராமியத்துக்கு மஞ்சள், இசைக்கு நீலம். தமிழ் எழுத்து இன்னும் பழகாத குழந்தைகளும் தங்கள் பையைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஊசி நூல், சேஃப்டி பின், கூடுதல் சலங்கை வார், பொட்டு எல்லாம் என் மேசையில் இருக்கும்.

ஒரு குழு மேடை ஏறும்போது அடுத்த குழு திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அதற்கடுத்தது உடை போட்டு முடித்திருக்க வேண்டும். இதை அழைத்துச் சொல்ல இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். நான் கதவிலிருந்து கை காட்டாமல் அறிவிப்பாளர் பெயர் சொல்ல மாட்டார், அவரிடம் பேசிவிட்டேன். யாராவது தாமதமானால் அவர் இரண்டு நிமிடம் பேசிச் சமாளிப்பார். தயவுசெய்து குழந்தையைத் திட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

ஜனவரி 11 ஞாயிறு மாலை 3 மணிக்கு அதே மண்டபத்தில் உடையோடு ஒத்திகை. 7 முதல் 11 வரை கடிகாரம் வைத்து இருமுறை செய்து பார்ப்போம். வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள், அந்த இடத்துக்கு உதவிக்கு வேறு ஆள் வைக்க வேண்டும்.

அன்புடன்,
கிரீன் ரூம் பொறுப்பாளர்