ஒன்றிணைந்த ஐந்தொகை: டிக்கோயா தொழிற்சாலைக் கேள்வி

பிள்ளைகள், கல்குலேட்டரை எடுக்கும் முன் கேள்வியை ஒருதரம் முழுசா வாசியுங்கள். டிசம்பர் பரீட்சைக்கு இருக்கிறவர்கள் 45 நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

ஹட்டனில் தேயிலையைப் பொதிசெய்து ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்று (இதுதான் தாய்), டிக்கோயாவில் கொழுந்து வாங்கித் தேயிலை ஆக்கும் தொழிற்சாலைக் கம்பனியின் (இது துணை) 80% பங்குகளை 2023 ஏப்ரல் 1இல் ரூ. 60,000 ஆயிரத்துக்கு வாங்கியது. அன்று துணையின் பிடித்துவைத்த வருவாய் 15,000. மிச்ச 20% பங்குக்காரருடைய உரித்தின், அதாவது கட்டுப்பாடற்ற உரித்தின் நியாயப் பெறுமதி 13,000. தொழிற்சாலைக் காணியின் நியாயப் பெறுமதி ஏட்டுப் பெறுமதியைவிட 5,000 கூட, ஆனால் துணை அதைத் தன் ஏட்டில் பதியவில்லை.

2025 மார்ச் 31இல் (ரூ. ஆயிரத்தில்):

| | தாய் | துணை |
|---|---|---|
| ஆதனம், பொறி, உபகரணம் | 85,000 | 48,000 |
| துணையில் முதலீடு | 60,000 | – |
| தொக்கு | 22,000 | 12,000 |
| வியாபார வருமதி | 18,000 | 14,000 |
| காசு | 5,000 | 3,000 |
| மொத்தச் சொத்து | 190,000 | 77,000 |
| கூறப்பட்ட மூலதனம் | 120,000 | 40,000 |
| பிடித்துவைத்த வருவாய் | 52,000 | 27,000 |
| வியாபார சென்மதி | 18,000 | 10,000 |
| மொத்தம் | 190,000 | 77,000 |

இந்த வருடம் துணை, கிரயத்தின் மேல் 25% இலாபம் வைத்து 15,000க்குத் தாய்க்குத் தேயிலை விற்றது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் தாயின் களஞ்சியத்தில் கிடக்கிறது. விற்றது துணை என்பதை அடிக்கோடிடுங்கள், ஏனென்றால் அந்தத் தேறாத இலாபம் துணையின் வருவாயில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் மற்ற பங்குக்காரரும் அவர்கள் பங்குக்குச் சுமக்க வேண்டும். 25% கிரயத்தின் மேல், விலையின் மேல் இல்லை.

தாய் தனக்கு 4,000 தரவேண்டும் என்று துணையின் ஏட்டில் இருக்கிறது. தாயின் ஏட்டிலோ 3,500தான், மார்ச் 31 அன்று அனுப்பிய 500க்கான காசோலை அடுத்த மாதம்தான் டிக்கோயா போய்ச் சேர்ந்தது.

நன்மதிப்பில் 3,000 பெறுமதி இழப்பு ஏற்பட்டிருக்கிறது. துணையின் மூலதனம் மாறவில்லை. வரியை விட்டுவிடுங்கள்.

வேண்டியது:

(அ) இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 3இன்படி, கட்டுப்பாடற்ற உரித்தை நியாயப் பெறுமதியில் அளந்து, கொள்வனவு நாளின் நன்மதிப்பு.

(ஆ) 2025 மார்ச் 31இல் கட்டுப்பாடற்ற உரித்தும் குழுமத்தின் பிடித்துவைத்த வருவாயும். செய்கைகள் கட்டாயம், புள்ளி அங்கேதான்.

(இ) ஒன்றிணைந்த நிதி நிலைமைக் கூற்று. இருபக்கமும் 217,300 வரவேண்டும். 216,800 வந்தால் வழியில் இருந்த காசோலையைத் தேடுங்கள், 5,000 குறைந்தால் காணியைப் பாருங்கள்.

(ஈ) அதே தேயிலையைத் தாய் துணைக்கு விற்றிருந்தால் (ஆ)வில் எந்தத் தொகைகள் மாறும், எவ்வளவால், ஏன்? இரண்டு வசனம் போதும்.