முகூர்த்தத்துக்கு மூன்று நாள்: திருமண நகைத் தொகுப்புக் காணொளியின் திரை வாசகங்கள்

0:00 (பீரோவிலிருந்து மரப்பெட்டி இறங்குகிறது)
திருமணத்துக்கு இன்னும் மூன்று நாள்.
இன்று நகைகளைப் போட்டுப் பார்க்கும் நாள்.

0:08 (பாட்டியின் கை, சிவப்புத் துணிப்பை)
பாட்டி: இது என் அம்மா எனக்குப் போட்டது. எடுத்துப் பார், கண்ணு.
மணமகள்: கல் ஆடுகிறதே, பாட்டி!
பாட்டி: ஆடத்தான் செய்யும். எனக்குப் பல்லே ஆடுகிறது.

0:22 (தலைப்பு)
முகூர்த்தப் பொன்
திருமண நகைத் தொகுப்பு

0:28 (பட்டறை, ஆசாரியின் மேசை)
கெம்புக்கல் அட்டிகை. மூன்று கற்கள் தளர்ந்திருந்தன.

0:34
ஆசாரி: உருக்கிப் புதிதாகச் செய்யலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அம்மா என்றேன்.

0:41
ஆசாரி: மேலே கல், உள்ளே அரக்கு. உருக்கினால் இரண்டும் எடையில் கழிந்துவிடும். கொஞ்சம் பொன் மிஞ்சும். இந்த வேலைப்பாடு மிஞ்சாது.

0:53 (அண்மைக் காட்சி, ஊசிமுனை)
கல்லை எடுத்து, குழியைத் துடைத்து,
மெல்லிய தங்கத் தகட்டை விளிம்பில் அழுத்தி,
மறுபடி பதிக்கிறார்.

1:05
மூன்று கல்லுக்கு ஒரு காலைப்பொழுது போனது.
படம் எடுக்கப் போன நாங்கள்தான் அவசரப்பட்டோம். அவர் அவசரப்படவில்லை.

1:14 (வீடு, கண்ணாடி முன் மணமகள்)
தலையிலிருந்து தொடங்குவோம்.

1:18
வகிட்டில் நெற்றிச்சுட்டி.
வலப்புறம் சூரியப் பிரபை, இடப்புறம் சந்திரப் பிரபை.

1:25
அம்மா: சூரியன் இந்தப் பக்கம்தானே?
மணமகள்: என் வலக்கைப் பக்கம், அம்மா. நீங்கள் எதிரில் நின்று பார்க்கிறீர்கள்.

1:33 (பின்னலில் தங்கவில்லைகள்)
உச்சியில் ராக்கொடி. பின்னல் நெடுக ஜடைநாகம்.
முகூர்த்த நேரத்தில் உறவினர்கள் அதிகம் பார்க்கப்போவது இந்தப் பின்னலைத்தான். அதனால் பின்பக்கத்துக்கும் முன்பக்கத்தின் அதே வேலை.

1:45
காதில் ஜிமிக்கி. அதன் பாரத்தைக் கூந்தலில் தாங்கிக்கொள்ள மாட்டல்.
காது வலிக்காமல் நாள் முழுவதும் சிரிக்கலாம்.

1:53
மூக்குத்தி, பேசரி. குத்தாதவர்களுக்கு அழுத்திப் போடும் வகையும் உண்டு.

1:59 (கழுத்து, மெல்ல நகரும் காட்சி)
கழுத்தையொட்டி அட்டிகை. அதன் கீழே மாங்காய் மாலை.
அதற்கும் கீழே காசுமாலை.

2:08 (காசுமாலை கையில் அசைகிறது, இசை நிற்கிறது)
கொஞ்சம் கேளுங்கள்.

2:12 (காசுகள் உரசும் ஓசை மட்டும்)

2:18
ஒவ்வொரு காசிலும் திருமகள்.
மேற்காசின் விளிம்பு கீழ்க்காசின் மேல் சற்றே ஏறி நிற்கும்படி கோத்திருக்கிறோம்.
அதனால்தான் இந்த ஓசை.

2:29
மணமகள்: கனமாக இருக்குமோ என்று பயந்தேன்.
பாட்டி: மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கனக்காமல் என்ன செய்யும்? முகூர்த்தத்துக்குக் காசுமாலை. மாலை வரவேற்புக்கு மாங்காய் மாலை. பிரித்துப் போடு.

2:41
பாட்டி சொன்னது எங்களுக்கும் சரியென்றே படுகிறது. எல்லாவற்றையும் ஒரே வேளையில் அணிய வேண்டும் என்று இல்லை.

2:48 (கைகள்)
தோளில் வங்கி. கையில் வளையல்.
அளவு தெரியாவிட்டால் இப்போது போடும் வளையல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். போதும்.

2:57 (ஒட்டியாணம், மணமகள் மூச்சை உள்ளிழுக்கிறார்)
அம்மா: மூச்சைப் பிடிக்காதே. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா?

3:04
ஒட்டியாணத்துக்கு அளவு, பட்டுப்புடவைக் கொசுவத்தின் மேல் எடுக்க வேண்டும்.
நின்றும் பார்க்க வேண்டும், மணையில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும்.

3:14
பின்புறக் கொக்கியை இரண்டு கண்ணி தள்ளிப் போடலாம்.
அம்மா அதைத்தான் இப்போது செய்கிறார்.

3:22 (வெள்ளித்தட்டில் கொலுசு, மெட்டி)
இடுப்புக்குக் கீழே பொன் அணிவதில்லை என்பது பல வீடுகளின் வழக்கம். ஆகவே கொலுசும் மெட்டியும் வெள்ளியில்.

3:31
கொலுசை அணிந்து பார்த்தார். மெட்டியை அணியவில்லை.
அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை அணிவிக்கட்டும்.

3:40 (தட்டில் மஞ்சள், குங்குமம், திருமாங்கல்யம்)
திருமாங்கல்யம்.

3:46
இதைப் படப்பிடிப்புக்காக யார் கழுத்திலும் போட்டுக் காட்டவில்லை. தட்டில் இருப்பதே இன்றைக்கு அதற்குரிய இடம்.

3:56
வடிவம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு.
வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பழைய தாலி ஒன்றின் படத்தைக் காட்டினால் அப்படியே செய்துதருவோம்.

4:05
நல்ல நாள் பார்த்து உருக்கக் கொடுக்கும் பொன்னைத் தனியாக வைத்திருந்து, உங்கள் கண்ணெதிரிலேயே உருக்கச் சொல்வோம்.

4:14 (கடை, பூதக்கண்ணாடியில் முத்திரை)
வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று.
பி.ஐ.எஸ். முத்திரை. 22K916 என்ற தர அடையாளம்.
எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு.

4:26
2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் இந்த ஆறு இலக்கம் கட்டாயம்.
BIS Care செயலியில் அதைத் தட்டச்சு செய்து நீங்களே சரிபார்க்கலாம். எங்கள் முன்னாலேயே பாருங்கள். தப்பாக நினைக்க மாட்டோம்.

4:38
916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன். அதுதான் 22 காரட்.
2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி போன்றவற்றுக்கும் குந்தன் நகைகளுக்கும் இந்த விதியில் விலக்கு உண்டு. அவற்றின் தரத்தை ரசீதில் எழுதித் தருகிறோம்.

4:52 (தராசு)
கல் நகையில் மொத்த எடை வேறு, பொன் எடை வேறு.
கல்லுக்குப் பொன்விலை போட மாட்டோம்.
செய்கூலியும் சேதாரமும் ரசீதில் தனித்தனி வரிகளில் இருக்கும்.

5:03
எத்தனை பவுன் போடப்போகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.
ஒரு ஜோடித் தோடு மட்டும் வாங்க வந்தாலும் இதே நாற்காலி, இதே காபி.

5:12 (வீடு, பாட்டி அட்டிகையைப் பூட்டிவிடுகிறார்)
பாட்டி: கல் ஆடுகிறதா, பார்.
மணமகள்: இல்லை, பாட்டி.
பாட்டி: பல்லுக்கும் அந்த ஆசாரியிடம் போகலாம் போலிருக்கிறது.

5:24 (இறுதி அட்டை)
முகூர்த்தப் பொன்
திருமணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வாருங்கள். அளவெடுக்கவும் மாற்றவும் நேரம் இருக்கும்.

காணொளியின் கீழே வரும் குறிப்பு

வணக்கம். இந்தக் காணொளியில் வருகிற நெற்றிச்சுட்டி, ஜடைநாகம், ஜிமிக்கி, மாங்காய் மாலை, காசுமாலை, வங்கி, ஒட்டியாணம் ஆகியவை எங்கள் கடையில் பார்வைக்கு இருக்கின்றன. அணிந்து பார்க்க விரும்புகிறவர்கள் திருமணத்துக்கு உடுத்தப்போகும் புடவையையோ அதே கனமுள்ள வேறு பட்டுப்புடவையையோ கொண்டுவந்தால் ஒட்டியாணத்தின் அளவு சரியாக அமையும். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துவாருங்கள். உட்கார இடம் இருக்கிறது, படியேற வேண்டியதில்லை.

பழைய நகையைச் செப்பனிடக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல் பதித்த பழைய நகைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டாம். கல்லுக்கு அடியில் இருக்கும் தகடு கறுத்துவிடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கல் இல்லாத தங்க நகைகளுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீரே நல்லது.

படப்பிடிப்புக்கு வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்தாருக்கும் பட்டறையில் எங்களைப் பொறுத்துக்கொண்ட ஆசாரி ஐயாவுக்கும் நன்றி. காணொளியின் முன்னோட்டத்தைப் பார்த்த பலர் அந்தச் சிவப்புக்கல் அட்டிகையின் விலையைக் கேட்டிருந்தீர்கள். அது விற்பனைக்கு இல்லை. பாட்டியினுடையது.