குழிக்குள்ளே யார்?

மழை படாத மூலை.
மாவு போல மண்.
தொட்டால் வழியும் மண்.

அதிலே ஒரு குழி.
அங்கே ஒரு குழி.
குட்டிக் குட்டிக் குழி!
யார் தோண்டிய குழி?

•

விரலை விடாதே.
மெல்லக் குனி.
பலமாய் ஊதாதே, கலைந்துவிடும்.

மேலே அகலம்.
கீழே குறுகல்.
புனல் போல ஒரு பள்ளம்.
அடியில் ஏதோ அசைகிறதே!

•

அதுதான் குழிநரி.

பெயரில்தான் நரி.
வால் இல்லை, ஊளை இல்லை.
இது ஒரு பூச்சிக் குஞ்சு.

மண் நிற உடம்பு.
உடம்பெல்லாம் முடி.
6 கால்கள்.
தலையிலே இடுக்கித் தாடை!
நன்றாக வளர்ந்தாலும்
உன் கட்டைவிரல் நகம் அளவுதான்.

•

நீ முன்னால் நடப்பாய்.
நானும் முன்னால் நடப்பேன்.
குழிநரி?
பின்னால், பின்னால், பின்னாலேதான்!

பின்னால் போய் மண்ணை உழும்.
வட்டமாய்ச் சுற்றி வரும்.
தலையால் மண்ணை அள்ளும்.
விசுக்! வெளியே வீசும்.

ஒரு சுற்று, விசுக்!
மறு சுற்று, விசுக்!
சுற்றச் சுற்ற வட்டம் சிறுக்கும்.
வீச வீசக் குழி ஆழமாகும்.

•

கை நிறைய மணல் எடு.
ஒரே இடத்தில் கொட்டு.
குவியும், குவியும், இன்னும் குவியும்.
அப்புறம்? சர்ர்ர்ரென்று சரியும்.

மணல் அவ்வளவுதான் நிற்கும்.
அதற்கு மேல் நிற்காது.

குழியின் சுவரும் அப்படித்தான்.
விழவா, நிற்கவா என்று நிற்கும்.
எறும்பின் கால் பட்டால் போதும்.
சர்ர்ர்ர்!

•

வேலை முடிந்தது.
குழிநரி மண்ணுக்குள் புதைந்தது.
தாடை மட்டும் வெளியே.

காத்திருக்கிறது.
காத்திருக்கிறது.
இன்னும் காத்திருக்கிறது.

•

டிக் டிக் டிக்... ஓர் எறும்பு!
விளிம்பில் கால் வைத்தது.
சர்ர்ர்... வழுக்கியது.
ஏறியது, வழுக்கியது.
ஏறியது, வழுக்கியது.

விசுக்! கீழிருந்து மண் மழை.
விசுக்! மீண்டும் மண் மழை.

ஏறு எறும்பே, ஏறு!
இன்னும் ஓர் எட்டு...
தப்பித்தது!
ஒரே ஓட்டம்!

•

குழிநரிக்கு இன்று பட்டினி.
குழியைச் சரி செய்தது.
விசுக், விசுக், விசுக்.
மறுபடி காத்திருந்தது.

•

டிக் டிக் டிக்... இன்னோர் எறும்பு.
சர்ர்ர்... வழுக்கியது.
விசுக்! மண் விழுந்தது.
உருண்டது, புரண்டது, அடிக்கே வந்தது.
கப்!
தாடை பிடித்தது.

குழிநரி மெல்லாது.
கடித்து விழுங்காது.
அதன் தாடைக்குள் சின்னக் குழாய் உண்டு.
எறும்பின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும்.
காலிக் கூட்டை, விசுக்! தூக்கி எறியும்.

பாவம்தான் எறும்பு.
குழிநரிக்கும் பசிதான்.

•

இப்போது ஒரு ரகசியம்.
காதைக் கொடு.

குழிநரி ஆய் போகாது!
இன்றும் போகாது, நாளையும் போகாது.
குஞ்சாக இருக்கும்வரை போகவே போகாது!
எல்லாவற்றையும் வயிற்றிலேயே வைத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் இது.

•

தின்னும், வளரும்.
சட்டை இறுகும்.
பழைய தோலை உரித்துப் போடும்.
2 முறை உரித்தால் பெரிய குழிநரி.
பெரிய குழிநரிக்குப் பெரிய குழி!

நிறைய எறும்பு வந்தால் சீக்கிரம் வளரும்.
எறும்பு வராவிட்டால் மெதுவாய் வளரும்.
ஓர் ஆண்டும் ஆகலாம்.
2, 3 ஆண்டும் ஆகலாம்.

•

ஒரு நாள் குழி வெறிச்சோடியது.
விசுக் இல்லை. சர்ர் இல்லை.
குழிநரி எங்கே?

மண்ணுக்குள் பார்.
வாய்ப்பக்கம் இல்லை, பின்பக்கம்.
அங்கிருந்து பட்டு நூல் வருகிறது!
தன்னைச் சுற்றி நூற்கிறது.
நூலில் மண் ஒட்டுகிறது.
வெளியே மண், உள்ளே பட்டு.
கோலிக்குண்டு போல ஓர் உருண்டை.

உஷ்ஷ்...
உள்ளே யாரோ மாறுகிறார்கள்.

•

இருட்டும் நேரம்.
உருண்டையில் ஓர் ஓட்டை.
தலை வந்தது.
கால் வந்தது.
கசங்கிய இறக்கை வந்தது.

ஒரு குச்சியில் ஏறியது.
முன்னாலே, முன்னாலே ஏறியது!
இறக்கை மெல்ல விரிந்தது.
சேர்த்து வைத்த ஆயும் இப்போதுதான் போனது!

•

நீள உடம்பு.
வலை போல 4 இறக்கைகள்.
தும்பியா இது?
இல்லை, நன்றாகப் பார்.

தும்பியின் உணர்கொம்பு குட்டை முடி போல.
இதன் உணர்கொம்பு நீளம், நுனியில் ஒரு குமிழ்.
தும்பி உட்கார்ந்தால் இறக்கை விரிந்திருக்கும்.
இது உட்கார்ந்தால் இறக்கை கூரையாய் மூடும்.

தும்பி பகலில் விர்ரென்று பறக்கும்.
நம் குழிநரி இரவில் தத்தித் தத்திப் பறக்கும்.
விளக்கைக் கண்டால் அருகே வரும்.

•

ஓர் இரவு
அது மாவு மண்ணைத் தேடி வந்தது.
மெல்ல இறங்கியது.
வயிற்று நுனியால் மண்ணைத் தட்டியது.
ஒரு முட்டை.
கொஞ்சம் தள்ளி இன்னொரு முட்டை.
ஒவ்வொன்றும் மண்ணை ஒட்டிக்கொண்டது.
பறந்து போனது.

•

மழை படாத மூலை.
மாவு போல மண்.
சில நாள் ஒன்றுமே இல்லை.

அப்புறம்...
கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிக் குழி.

விசுக்!