சாயமேற்றும் செயல்முறைத் தாள்: காட்டன் சிங்கிள் ஜெர்சி, நேவி, 400 கிலோ

மெஷின்: 4-ம் எண் சாஃப்ட் ஃப்ளோ, 4 குழாய், குழாய்க்கு 100 கிலோ
துணி: 30-ம் நம்பர் கோம்டு காட்டன், 160 ஜிஎஸ்எம்
சாய வகை: ரியாக்டிவ், 60 டிகிரி
தண்ணீர் விகிதம்: 1:6 (மொத்தம் 2400 லிட்டர்)
ஆங்கில மூலம்: எக்ஸ்போர்ட்டர் அனுப்பிய தாள். தமிழாக்கம்: லேப்.

தாளைக் கையில் எடுப்பவருக்கு

ஷிப்ட் அண்ணன்களே, இதற்கு முன் சுவரில் ஒட்டியிருந்த தமிழ்த் தாளைக் கிழித்துவிடுங்கள். அதை யாரோ அகராதியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். லிக்கர் ரேஷியோவை 'மது விகிதம்' என்றும், கலர் ஃபாஸ்ட்னெஸ்ஸை 'வண்ண வேகம்' என்றும், ஷேடை 'நிழல்' என்றும் போட்டிருந்தது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிரிக்க முடியாத தப்பு ஒன்றும் அதில் இருந்தது. சாயம் நூலோடு சேர்வதற்கும், கடைசியில் ஊற்றும் கெமிக்கலுக்கும் 'ஃபிக்சிங்' என்ற ஒரே சொல். ஒரு ராத்திரி ஷிப்டில் சோடா ஓடி முடிந்ததும் அடுத்த வரியில் 'ஃபிக்சிங் 60 நிமிடம்' என்று பார்த்து, ஃபிக்ஸர் கேனைச் சாயத் தண்ணீரிலேயே ஊற்றிவிட்டார்கள். சாயம் திரிந்துபோய்த் துணி முழுக்கப் புள்ளி. ஊற்றியவர்மேல் தப்பில்லை. தாள் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

ஆகவே இந்தத் தாளில் நாம் வாயால் சொல்வதையே எழுத்தாக்கியிருக்கிறேன். சாயம் *ஏறுது*, சாயம் *பிடிக்குது*, சாயம் *போகுது* என்று மூன்றாகத்தானே சொல்கிறோம்? தண்ணீரிலிருந்து சாயம் துணிக்கு நகர்வது ஏற்றம். இதைச் செய்வது உப்பு. ஏறிய சாயம் நூலிழையோடு வேதிமுறையில் ஒன்றாகிவிடுவது பிடிப்பு. இதைச் செய்வது சோடா. துவைத்தாலும் தேய்த்தாலும் வியர்த்தாலும் நிறம் நிற்பது போகாமை. கடைசியில் ஊற்றும் கெமிக்கலுக்கு ஃபிக்ஸர் என்ற பெயரே இருக்கட்டும். பிடிப்பு என்று எழுதிய இடத்தில் ஃபிக்ஸருக்கு வேலையே இல்லை.

கெமிக்கல் பெயர், மெஷின் பாகம், ஷேட், பேட்ச், டோஸிங் எல்லாம் நாம் சொல்கிறபடியே இருக்கும். எண்களை மாற்றவில்லை. இந்தி பேசும் தம்பிகளுக்குத் தனித்தாள் உண்டு, அங்கேயும் இதே எண்கள்தான்.

தண்ணீர் விகிதம்: முதலில் இதைப் படிக்கவும்

1:6 என்றால் ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர். 400 கிலோவுக்கு 2400 லிட்டர். இந்த 2400-க்குள் *துணி ஏற்கெனவே குடித்திருக்கும் தண்ணீரும் அடக்கம்.* பிளீச்சிங் முடிந்து டிரெயின் பண்ணினாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் துணியிலேயே நிற்கும். அது 800 லிட்டர். சாயம் கரைக்க 150, சோடா கரைக்க 150. ஆக மெஷினில் புதிதாக விட வேண்டியது 1300 லிட்டர் மட்டுமே.

துணியில் உள்ளதை மறந்துபோய், சாயமும் சோடாவும் கரைக்கும் 300-ஐயும் சேர்த்து மறுபடி 2400 விட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். துணியில் உள்ள 800-ஐச் சேர்த்தால் 3200 லிட்டர், விகிதம் 1:8. லிட்டருக்கு 70 கிராம் இருக்க வேண்டிய உப்பு 52 கிராமுக்கு இறங்கும், 20 கிராம் சோடா 15 ஆகும். ஷேட் வெளுப்பாக வரும். உடனே லேபில் ரெசிபி தப்பு என்று போன் வரும்.

உப்பு கரைக்க நல்ல தண்ணீர் எடுக்கக் கூடாது. மெஷின் தண்ணீரையே சைடு டேங்குக்குத் திருப்பி அதில் கரைக்கவும்.

அ. பிளீச்சிங்

துணி உலர்ந்திருப்பதால் இங்கே 2400 லிட்டரும் விட வேண்டும். வெட்டிங் ஆயில் 1.2 கிலோ, சீக்வெஸ்ட்ரிங் 1.2 கிலோ, மடிப்பு விழாமல் இருக்க லூப்ரிகன்ட் 2.4 கிலோ போட்டுத் துணியை ஓட்டவும். 50 டிகிரியில் ஸ்டெபிலைசர் 1.2 கிலோ, காஸ்டிக் 4.8 கிலோ, பிறகு 50 சதவீத பெராக்சைடு 7.2 கிலோ. 98 டிகிரிக்கு ஏற்றி 45 நிமிடம் ஓடட்டும். 80-க்கு இறக்கி டிரெயின், ஒரு சூடு தண்ணீர் வாஷ்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போடவும். காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சைடு டேங்க் மூடியைத் திறக்க வேண்டாம்.

அடுத்து அசிட்டிக் 2.4 கிலோ, பிஎச் 6-க்கு வரட்டும். 50 டிகிரியில் பெராக்சைடு கில்லர் 1.2 கிலோ, 20 நிமிடம். ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கவும். பெராக்சைடு மிச்சம் இருந்தால் சாயத்தைத் தின்றுவிடும். ஸ்ட்ரிப்பில் நிறம் மாறினால் இன்னும் 10 நிமிடம் ஓட்டவும். 'பரவாயில்லை, லேசாத்தான் இருக்கு' என்று அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

ஆ. ஏற்றம்

டிரெயின். 1300 லிட்டர் விட்டு 60 டிகிரிக்குக் கொண்டுவரவும். கிளாபர் உப்பு 168 கிலோ (லிட்டருக்கு 70 கிராம்) கரைத்து விட்டு 10 நிமிடம் ஓட்டவும். துணி ஒரு சுற்று வர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆனால் ரீல் வேகத்தைக் கூட்டவும்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் பிரைனைப் பயன்படுத்தும் நாளில் மூட்டை உப்பு வேண்டாம், ஆனால் தண்ணீர்க் கணக்கு மாறும். லிட்டருக்கு எத்தனை கிராம் என்று லேப் எழுதித் தரும். 140 கிராம் என்று வந்தால் 1200 லிட்டர் பிரைன், 100 லிட்டர் நல்ல தண்ணீர். பிரைனில் காரம் மிச்சம் இருந்தால் சோடா விடுவதற்கு முன்பே சாயம் பிடிக்க ஆரம்பித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் சாயம் விடுவதற்கு முன் பிஎச் பார்த்து, அசிட்டிக் விட்டு 6-லிருந்து 6.5-க்குள் கொண்டுவரவும். பிரைன் இல்லாத நாளிலும் இதே பிஎச்தான்.

சாயம், துணி எடையில் சதவீதமாக:
ரியாக்டிவ் பிளாக் 5: 2.5 சதவீதம், 10 கிலோ
ரியாக்டிவ் ரெட் 195: 0.5 சதவீதம், 2 கிலோ
ரியாக்டிவ் எல்லோ 145: 0.2 சதவீதம், 800 கிராம்

பெயர் பிளாக் என்றாலும் இந்த அளவில் நேவிதான் வரும். 150 லிட்டரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, 30 நிமிடம் டோஸிங். அதன்பின் 20 நிமிடம் சும்மா ஓடட்டும். இந்த 20 நிமிடத்தைக் குறைக்கக் கூடாது. சாயம் எல்லா இடமும் சமமாக ஏறுவது இப்போதுதான். பிடித்த பிறகு நகராது.

இ. பிடிப்பு

சோடா ஆஷ் 48 கிலோ (லிட்டருக்கு 20 கிராம்), 150 லிட்டரில் கரைத்து 40 நிமிட டோஸிங். ஒரே வேகத்தில் விடக் கூடாது, மெதுவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்:

முதல் 10 நிமிடம்: 5 கிலோ
அடுத்த 10: 9 கிலோ
அடுத்த 10: 12 கிலோ
கடைசி 10: 22 கிலோ

முடிந்ததும் பிஎச் 10.8-லிருந்து 11.2-க்குள் இருக்க வேண்டும். 60 டிகிரியில் 60 நிமிடம். நேரத்தைச் சோடா *முடிந்த* நிமிடத்திலிருந்து எண்ணவும். ஆங்கிலத் தாளில் 'ஃபிக்சேஷன் 60 நிமிடம்' என்றிருப்பது இதுதான்.

சாயம் முழுவதும் பிடிக்காது. ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து செத்துப்போகும். அதை செத்த சாயம் என்றே எழுதுகிறேன், 'நீராற்பகுத்த சாயம்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? அது துணியிலேயே நிற்கும், நிறமும் காட்டும், ஆனால் பிடிப்பு கிடையாது. கஸ்டமர் வீட்டு பக்கெட்டில் போவது அதுதான்.

60 நிமிடம் முடிந்ததும் சாம்பிள் வெட்டி, அலசி, சோப்பிங் செய்து, *காயவைத்து*, லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் பார்க்கவும். ஈரத் துணியை வைத்து ஓகே சொல்ல வேண்டாம். லேப் கையெழுத்து இல்லாமல் டிரெயின் பண்ணக் கூடாது.

ஈ. வாஷிங், சோப்பிங்

டிரெயின். பச்சைத் தண்ணீரில் இரண்டு வாஷ், இதில் உப்பு இறங்க வேண்டும். உப்பு இருக்கிறவரை செத்த சாயம் துணியை விட்டு வராது. அடுத்து அசிட்டிக், பிஎச் 6.5. காரத்தோடு கொதிக்கவிட்டால் நன்றாகப் பிடித்த சாயமும் கழன்றுவிடும், அதனால் பிஎச் பார்க்காமல் சூடு ஏற்ற வேண்டாம்.

80 டிகிரி வாஷ் 10 நிமிடம். சோப்பிங் ஆயில் 2.4 கிலோ, 95 டிகிரி, 15 நிமிடம். மறுபடி 80 டிகிரி வாஷ். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்கவும். நீலம் தெரிந்தால் இன்னொரு சோப்பிங்.

உ. ஃபிக்ஸர்

புதுத் தண்ணீர், 40 டிகிரி, பிஎச் 5.5, ஃபிக்ஸர் 4 கிலோ (1 சதவீதம்), 20 நிமிடம். சோப்பிங் சரியாக ஆகாத துணியை ஃபிக்ஸர் காப்பாற்றாது. செத்த சாயத்தைக் கொஞ்ச நாள் கட்டிவைக்கும், அவ்வளவுதான். ஈரத் தேய்ப்புக்கும் உதவாது.

ஊ. போகாமை: தர வரம்பு

துவைப்பு (ஐஎஸ்ஓ 105-சி06, ஏ2எஸ், 40 டிகிரி): நிற மாற்றம் 4, கறை 3-4
வியர்வை (ஐஎஸ்ஓ 105-ஈ04, அமிலமும் காரமும்): நிற மாற்றம் 4, கறை 3-4
தேய்ப்பு (ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12): உலர்ந்தது 4, ஈரம் 2-3
வெளிச்சம் (ஐஎஸ்ஓ 105-பி02): 4

'நிற மாற்றம்' என்பது நம் துணி எவ்வளவு வெளுத்தது. 'கறை' என்பது பக்கத்தில் தைத்த வெள்ளைப் பட்டையில் எவ்வளவு ஒட்டியது. இரண்டும் வேறு, இரண்டு எண்ணையும் எழுதவும். பட்டையில் ஆறு இழைகள் இருக்கும். எதில் கறை அதிகமோ அந்த எண்ணே ரிப்போர்ட்டுக்கு.

சாம்பல் அளவுகோலில் 5 நல்லது, 1 மோசம். வெளிச்சச் சோதனைக்கு மட்டும் நீலக் கம்பளி அளவுகோல், 1-லிருந்து 8 வரை. அங்கே 4 வந்தால் 'ஐந்துக்கு நாலு' என்று படிக்கக் கூடாது, எட்டுக்கு நாலு. '3-4' என்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் உள்ள ஒரு தரம். மூன்றோ நாலோ எது வந்தாலும் சரி என்று பொருள் இல்லை.

ஈரத் தேய்ப்பு 2 வந்தால் ஃபிக்ஸர் இன்னொரு கேன் கேட்க வேண்டாம். சோப்பிங் தண்ணீர் டம்ளரில் எப்படி இருந்தது என்று பேட்ச் கார்டில் பார்த்துவிட்டு லேபுக்கு வரவும். டம்ளர் பார்த்த நேரத்தையும் நிறத்தையும் கார்டில் எழுதாத பேட்ச் காம்பேக்டிங்குக்குப் போகாது.