கவினின் தடுப்பூசிக் கணக்கு (பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டியது)

குழந்தை: கவின், ஆண்
பிறந்த நாள்: 6.1.2025, திங்கட்கிழமை, காலை
பிறந்த எடை: 2 கிலோ 900 கிராம்
பிறந்த இடம்: பொள்ளாச்சி (தாய் வீட்டுப் பிரசவம்)
இப்போது வளரும் இடம்: கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்
எழுதியது: அத்தை, 9.10.2025

சுகன்யா, இது அட்டைக்கு மாற்று அல்ல. ஊசி போடப் போகும்போது தாய் சேய் அட்டையைத்தான் எடுத்துப் போக வேண்டும். அந்த அட்டையின் முதல் பாதியைத் தமிழ்நாட்டு நர்ஸ் எழுதினார், நேற்று முதல் இங்கே உள்ள சிஸ்டர் மலையாளத்தில் எழுதுகிறார். உனக்கும் என் அம்மாவுக்கும் ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்பதற்காக இதைத் தனியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரு நிபந்தனை: ஊசி போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் 'போட்ட நாள்' கட்டத்தில் தேதி எழுத வேண்டும். "நாளைக்குப் போடப் போகிறோமே" என்று முந்தின நாளே எழுதி வைத்து, மழையால் போகாமல் விட்டுப் பிறகு மறந்துபோன வீடுகளை அங்கன்வாடி வேலையில் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

முடிந்தவை

| வயது | உரிய நாள் | மருந்து, போட்ட இடம் | போட்ட நாள் |
|---|---|---|---|
| பிறந்த 24 மணி நேரத்துக்குள் | 6.1.2025 | மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ் பி), இடது தொடை | 6.1.2025 மாலை |
| பிறந்தவுடன் | 6.1.2025 | காசநோய்க்கான பி.சி.ஜி., இடது மேற்கை; போலியோ சொட்டு, முதல் தவணைக்கு முந்தையது | 7.1.2025 |
| 6 வாரம் | 17.2.2025 | ஐந்து நோய்களுக்கான பெண்டா 1, இடது தொடை; நிமோனியாவுக்கான பி.சி.வி. 1, வலது தொடை; போலியோ ஊசியான ஐ.பி.வி. 1, வலது மேற்கை. போலியோ சொட்டு 1. வயிற்றுப்போக்குக்கான ரோட்டா 1 | 19.2.2025 புதன் |
| 10 வாரம் | 19.3.2025 | பெண்டா 2, இடது தொடை. போலியோ சொட்டு 2. ரோட்டா 2 | 26.3.2025 புதன் (ஒரு வாரம் தாமதம்) |
| 14 வாரம் | 23.4.2025 (தாமதத்தால் தள்ளியது) | பெண்டா 3, இடது தொடை, பி.சி.வி. 2, வலது தொடை, ஐ.பி.வி. 2, வலது மேற்கை. போலியோ சொட்டு 3. ரோட்டா 3 | 23.4.2025 புதன் |
| 9 மாதம் முடிந்ததும் | 6.10.2025 | தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். 1, வலது மேற்கை, ஐ.பி.வி. 3, இடது மேற்கை, பி.சி.வி. பூஸ்டர், வலது தொடை. வைட்டமின் ஏ 1 (ஒரு லட்சம் யூனிட், வாய்வழி) | 8.10.2025 புதன், எடை 8 கிலோ 400 |

அந்த ஒரு வாரத் தாமதம் ஏன் என்று பின்னால் யாராவது கேட்பார்கள். மார்ச் 19 அன்று கவினுக்கு மூக்கு ஒழுகியது. சளி இருக்கும்போது ஊசி கூடாது என்று உன் அம்மா தடுத்துவிட்டார்கள். வெறும் சளிக்கும் லேசான இருமலுக்கும் ஊசியைத் தள்ள வேண்டியதில்லை. காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ மட்டும் சிஸ்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்தால் போதும். ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். மார்ச் 26 அன்று போட்டதால், சித்திரைப் பிறப்பன்று வர வேண்டிய 14 வாரத் தவணை ஏப்ரல் 23க்குப் போனது. இதனால் எதுவும் வீணாகவில்லை. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் எழும்பி, உடைந்து, காய்ந்து, வடுவானது. அதைப் பார்த்து நீ அழுததை மறந்திருக்க மாட்டாய். அது மருந்து வேலை செய்த அடையாளம். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் அதன்மேல் பூசாமல் விட்டாய் அல்லவா, அது சரிதான்.

வரவேண்டியவை

| வயது | உரிய நாள் | மருந்து, போடும் இடம் | நிலை |
|---|---|---|---|
| 16 மாதம் முடிந்ததும் (24 மாதத்துக்குள்) | 6.5.2026 புதன், கடைசி எல்லை 6.1.2027 | எம்.ஆர். 2, வலது மேற்கை, டி.பி.டி. முதல் பூஸ்டர், இடது தொடை; போலியோ சொட்டு பூஸ்டர்; வைட்டமின் ஏ 2 (இரண்டு லட்சம் யூனிட்) | இன்னும் போடவில்லை |
| ஆறு மாதத்துக்கு ஒரு முறை | நவம்பர் 2026, மே 2027, நவம்பர் 2027, மே 2028, நவம்பர் 2028, மே 2029, நவம்பர் 2029 | வைட்டமின் ஏ 3 முதல் 9 வரை (ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் யூனிட்) | இன்னும் இல்லை |
| 5 வயது முடிந்ததும் | 9.1.2030 புதன் | டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர், மேற்கை | இன்னும் இல்லை |
| 10 வயது | ஜனவரி 2035 | டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) | இன்னும் இல்லை |
| 16 வயது | ஜனவரி 2041 | டி.டி. | இன்னும் இல்லை |

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இந்தக் கணக்கில் இல்லை. அது நோய் பரவும் மாவட்டங்களில் மட்டும் போடப்படுகிறது. 16 மாதத்தில் போகும்போது சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பட்டியலில் நான் பயப்படுவது ஒரே ஒரு வரிக்குத்தான்: 2026 மே 6. முதல் மூன்றரை மாதம் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. மாதா மாதம் ஊசி, மாதா மாதம் அழுகை. ஒன்பதாம் மாத ஊசி போட்டதும் வீட்டில் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, அட்டை துணிக்கு அடியில் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஏழு மாத இடைவெளி. பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது. நோய் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மறுபடியும் ஊசி என்று தோன்றும். ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி நூறு பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பு இரண்டாவது ஊசியில்தான் கிடைக்கும். கவின் அந்த 85இல் ஒருவனா என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. அதனால் இரண்டும் வேண்டும்.

பெண்டா மூன்று தவணை போட்டாயிற்றே என்றும் இருக்காதே. அதில் உள்ள தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகியவற்றின் பலம் நாளாக நாளாகக் குறையும். அதை மீண்டும் ஏற்றிவிடத்தான் 16 மாதத்திலும் 5 வயதிலும் டி.பி.டி.

சிஸ்டர் பேசுவது உனக்குப் புரியாமல் போகக் கூடாது. மலையாளத்தில் அஞ்சாம்பனி என்றால் நம் தட்டம்மை, அதாவது மணல்வாரி. வில்லன் சும என்றால் கக்குவான் இருமல். தொண்டமுள்ளு என்றால் தொண்டை அடைப்பான். குதிரசன்னி என்றால் ரண ஜன்னி. குத்திவைப்பு என்றால் தடுப்பூசி. இந்த ஐந்தும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அவரே தமிழில் சொல்லிவிடுவார். கொழிஞ்சாம்பாறையில் பாதிப் பேர் தமிழ்தானே.

நினைவூட்டல்கள்

உன் கைப்பேசியில் இவற்றை இன்றைக்கே அலாரமாக வைத்துவிடு.

29.4.2026, புதன்: "அடுத்த புதன் கவினுக்கு 16 மாத ஊசி. அட்டை எங்கே என்று இப்போதே பார்."
5.5.2026, செவ்வாய்: "நாளை ஊசி. அட்டையைப் பையில் வை. கை எளிதாக மடக்கக்கூடிய சட்டை."
6.5.2026, புதன், காலை 8 மணி: "பால் கொடுத்துவிட்டுக் கிளம்பு. வெயிலுக்கு முன் போய்ச் சேர்."
20.5.2026, புதன்: "மே 6 விட்டுப்போனால் இன்றாவது."
4.11.2026, புதன்: "வைட்டமின் ஏ மூன்றாவது."

அரசின் தடுப்பூசிப் பதிவான யூ-வினில் பிரசவத்தின்போது உன் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அரசின் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், அவர் தோப்பில் இருப்பார், கைப்பேசி வீட்டில் இருக்கும். அடுத்த முறை போகும்போது உன் எண்ணை மாற்றிக் கொடு. என் தம்பியின் எண் வேண்டாம், அவன் மாதத்தில் இருபது நாள் லாரியில்.

மே மாதம் நீ பொள்ளாச்சிக்கு விடுமுறைக்குப் போயிருந்தால் பதறாதே. கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இந்தப் பக்கம் இருந்தாலும் தடுப்பூசி அதே பட்டியல்தான், அரசு இடத்தில் எங்கும் இலவசம்தான். அட்டையைக் காட்டி அங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஊசி நாள் பெரும்பாலும் இரு பக்கமும் புதன்கிழமையே. ஆனால் அங்கே போட்டால் போட்ட தேதியை அட்டையில் எழுதி வாங்காமல் வராதே. "நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே.

ஊசி போட்ட அன்று

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார். எல்லோரும் கிளம்புகிறார்கள் என்று நீயும் கிளம்பாதே. பால் உடனே கொடுக்கலாம், சொட்டு மருந்துக்குப் பிறகும் கொடுக்கலாம். டி.பி.டி. போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், பிள்ளை சிணுங்கலாம். காய்ச்சல் மருந்தைச் சிஸ்டர் எடை பார்த்துச் சொன்ன அளவில் கொடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவில் கொடுக்காதே. ஊசி போட்ட இடத்தில் ஒத்தடம், எண்ணெய் எதுவும் வேண்டாம். எம்.ஆர். ஊசிக்கு மட்டும் காய்ச்சலும் லேசான தடிப்பும் ஏழெட்டு நாள் கழித்து வரலாம். நேற்றுப் போட்டதால் அக்டோபர் 15 வாக்கில் உடம்பு சுட்டால் பயப்படாதே.

மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் அழுதாலோ காத்திருக்காதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, எனக்குப் போகிற வழியில் சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போலியோ முகாம் நடந்தால் கவினையும் கூட்டிப் போ. அந்தச் சொட்டுகளை இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம், இது தனி, அது தனி. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். 2014இல் போலியோ ஒழிந்த நாடு என்று சான்று கிடைத்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முகாமுக்கும் குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், பஸ்ஸில் வரும் பிள்ளையையும் விடக்கூடாது என்பதற்காக.

மே 6க்கும் ஜனவரி 6க்கும் இடையில் எட்டு மாதம் இருக்கிறது என்று நினைத்துத் தள்ளிப் போடாதே. ஒருவேளை அதுவும் தவறிவிட்டால், ஐயோ முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம்: எம்.ஆர். 5 வயது வரை போடலாம், டி.பி.டி. 7 வயது வரை போடலாம். ஆனால் இந்த வரியை என் அம்மாவிடம் படித்துக் காட்டாதே, அவர்கள் 7 வயதையே கணக்காக எடுத்துக்கொள்வார்கள்.

மேலே உள்ள அட்டவணையை நீ 6.5.2026 அன்று வந்து பேனாவால் நிரப்பு. பென்சில் வேண்டாம்.