பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் 2026: பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து மதிப்பெண் பார்க்க

```html
<title>பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் 2026 | மதிப்பெண் பார்க்க</title>
<meta name="description" content="மே 14 காலை 9.30 முதல். பதிவெண், பிறந்த தேதி போதும். பக்கம் திறக்காவிட்டால் ரெஃப்ரெஷ் வேண்டாம்; எஸ்எம்எஸ் வழியும் உண்டு.">
```

முடிவுகள் மே 14, வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு இந்தப் பக்கத்திலேயே வரும். அதுவரை பதிவெண் கட்டம் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும். நேரம் வந்ததும் தானாகத் திறந்துகொள்ளும். முன்கூட்டியே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

கையில் ஹால் டிக்கெட் இருக்கட்டும். அதன் மேல் வலது மூலையில் இருக்கும் 8 இலக்க எண்தான் பதிவெண். பள்ளியில் தரும் வருகைப் பதிவேட்டு எண்ணோ, தேர்வறை இருக்கை எண்ணோ இங்கே செல்லாது. பதிவெண்ணில் எழுத்தே கிடையாது. எனவே வட்டமாகத் தெரிவதெல்லாம் சுழியம்தான், ஆங்கில ‘ஓ’ அல்ல.

பிறந்த தேதியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில், இடையில் சாய்கோட்டுடன் கொடுங்கள். 2008 செப்டம்பர் 7 என்றால்:

```
07/09/2008
```

7/9/08 என்று சுருக்கினால் ஏற்காது. மாதத்தை முதலில் போட்டால் அது ஜூலை 9 ஆகிவிடும். அப்படியொரு தேதியும் இருப்பதால் கட்டம் அதைத் தவறென்று சொல்லாது, "விவரம் பொருந்தவில்லை" என்று மட்டும் வரும். எல்லாம் சரியாகக் கொடுத்தும் அதே வரி வந்தால், ஹால் டிக்கெட்டில் அச்சான பிறந்த தேதியைப் பாருங்கள். சான்றிதழில் வேறு தேதி இருந்தாலும், இன்றைக்கு ஹால் டிக்கெட்டில் உள்ளதுதான் திறக்கும். அந்தப் பிழையை அசல் சான்றிதழ் அச்சாகும் முன் பள்ளி மூலம் திருத்திக்கொள்ளலாம்.

பக்கம் திறக்கத் தாமதமானால்

ஒரு மாணவரின் முடிவை அவரும், அப்பா அம்மாவும், மாமாவும், பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கொரு போனில் ஒரே நிமிடத்தில் தேடுவார்கள். அந்த ஆவலுக்காகவே இந்தப் பக்கத்தில் படங்களோ தனி எழுத்துருக்களோ விளம்பரமோ வைக்கவில்லை. மதிப்பெண் தாள் 20 கிலோபைட்டுக்குள் இருப்பதால் மெதுவான இணைப்பிலும் வந்து சேரும். அப்படியும் முதல் அரை மணி நேரம் நெரிசல் இருக்கும்.

நெரிசலில் "வரிசையில் இருக்கிறீர்கள்" என்ற பக்கம் வரும். அது 20 விநாடிக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் இடம் உங்கள் பிரவுசரில் குக்கீயாகப் பதிந்திருக்கிறது. மறைநிலைச் சாளரத்தில் திறந்து அதை மூடிவிட்டால் குக்கீ அழியும், மறுபடி வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும். ஒரே பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே இடம்தான்.

மதிப்பெண் பார்க்கும் பொத்தானை அழுத்தியபின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால், ஒரு நிமிடம் பொறுங்கள். ரெஃப்ரெஷ் செய்தால் முந்தைய கோரிக்கை ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. சர்வர் பெரும்பாலும் பழைய கோரிக்கையையும் தேடி முடிக்கும், அதன் பதில் யாருக்கும் பயன்படாமல் போகும், புதிய கோரிக்கை பின்னால் போய் நிற்கும். ஐந்து முறை அழுத்தினால் ஐந்து பேர் வேலை சேர்கிறது. உங்களுக்கும் தாமதம், உங்களுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கும் தாமதம்.

திரையில் வரும் எண்களுக்கு அர்த்தம் உண்டு. `503` என்றால் சர்வர் தாங்கும் அளவு நிரம்பிவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து வாருங்கள். `504` என்றால் கோரிக்கை போய்விட்டது, பதில் நேரத்துக்குள் வரவில்லை; ஒரே ஒரு முறை மறுபடி முயலுங்கள். `429` வந்தால் ஒரே இணைப்பிலிருந்து மிக அதிகமாகக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக் கணினி அறையிலும் பிரவுசிங் சென்டரிலும் இது நடக்கும், ஏனென்றால் அங்குள்ள எல்லாக் கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். அங்கிருப்பவர்கள் போன் டேட்டாவுக்கு மாறினால் உடனே கிடைக்கும். பள்ளிகள் ஒவ்வொரு பதிவெண்ணாக அடிக்க வேண்டாம். மொத்தப் பட்டியல் பள்ளி உள்நுழைவில் 9.30க்கே இருக்கும்.

இணையமே கிடைக்கவில்லையா? ஹால் டிக்கெட்டின் பின்புறம் அச்சான எண்ணுக்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்புங்கள், தேதியில் சாய்கோடு இல்லாமல்:

```
MARK 41207365 07092008
```

பாடவாரியாக மதிப்பெண் அதே போனுக்கு வரும். நெரிசல் நேரத்தில் எஸ்எம்எஸ் 15 நிமிடம் வரை பிந்தலாம். திரும்ப அனுப்பினால் இன்னொரு கட்டணம் பிடிக்கும், முன்னதாக வராது.

இந்தப் பக்கம் பதிவெண்ணும் பிறந்த தேதியும் தவிர வேறு எதையும் கேட்காது. ஓடிபி, வங்கி விவரம், ஆப் பதிவிறக்கம் என்று எது கேட்டாலும் அது வேறொருவர் போட்ட பக்கம். உடனே மூடிவிடுங்கள்.

மதிப்பெண் தாளைப் படிக்க

எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு மூன்றும் தனிக் கட்டங்களில் இருக்கும், நான்காவது மொத்தம். மொத்தம் போதுமான அளவு இருந்தும் "தேறவில்லை" என்று வந்தால், எழுத்துத் தேர்வுக் கட்டத்தைப் பாருங்கள். அதற்கெனத் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு.

`W` என்றால் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. தோல்வி என்று அர்த்தமில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் பள்ளியிலிருந்து வராமல் இருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

`AB` என்றால் தேர்வுக்கு வரவில்லை. நீங்கள் எழுதிய பாடத்துக்கு இது வந்திருந்தால் பதற வேண்டாம். விடைத்தாள் உறையில் பதிவெண் மாறிப் பதிவாகியிருக்கலாம், அல்லது கணினியில் ஏற்றும்போது தாள் விடுபட்டிருக்கலாம். அன்று அறையில் நீங்கள் கையெழுத்திட்ட வருகைத்தாள்தான் சான்று, அது தேர்வு மையத்தில் இருக்கிறது. ஹால் டிக்கெட் நகலையும் இந்தத் திரையின் அச்சையும் எடுத்துக்கொண்டு இன்றே தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தால் இது சரியாகாது. அங்கே கூட்டிப் பார்க்க மதிப்பெண்ணே இருக்காது.

மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள். மே 18 முதல் 22 மாலை 5 மணி வரை பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். மறுகூட்டல் என்பது விடுபட்ட பக்கத்தையும் கூட்டல் பிழையையும் மட்டும் பார்ப்பது. மறுமதிப்பீட்டில் முழுத் தாளும் திரும்பத் திருத்தப்படும், அதில் மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு. நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு முடிவெடுப்பதுதான் நல்லது.

தேறாத பாடங்களுக்குத் துணைத்தேர்வு ஜூலையில். விண்ணப்பிக்கும் நாள்கள் உங்கள் மதிப்பெண் தாளின் அடியிலேயே இருக்கும். அதில் தேறினால் இந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம்.

சேமிக்க, பிரவுசர் மெனுவில் அச்சிடு என்பதை அழுத்தி, பிரிண்டருக்குப் பதில் பிடிஎஃப் ஆகச் சேமி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கீழே உள்ள கியூஆர் குறி வெட்டுப்பட்டுவிடும், கல்லூரிகள் அதைத்தான் ஸ்கேன் செய்து சரிபார்க்கும். இது தற்காலிகத் தாள், 90 நாள் செல்லும். மதியம் 12 மணிக்குப் பிறகு பக்கம் பெரும்பாலும் காத்திருப்பு இல்லாமல் திறக்கும். பிடிஎஃப் எடுப்பதை அப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.