வெள்ளி முதல் வியாழன் வரை: எப்போது படகு எடுப்பது

முகிலா, நீ அனுப்பிய அலைநேர அட்டவணைப் படம் கிடைத்தது. நான் கோலாலம்பூரில் பேரப்பிள்ளையோடு இருக்கிறேன், அடுத்த வெள்ளிதான் பினாங்கு திரும்புவேன். அதுவரை படகு உன் கையில். படத்தில் இருக்கிற ஏழு நாளையும் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இதை அப்படியே போனில் வைத்துக்கொள்.

முதலில் படத்தைப் பற்றி. மேல்பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய், எந்த ஊர் அட்டவணை என்று தெரியவில்லை. போன வியாழன் பௌர்ணமி. பினாங்கில் பௌர்ணமி ஒட்டி பகல் ஏற்றம் மதியம் 12, 1 மணிக்கு முட்டும், உயரம் இரண்டரை மீட்டர் சொச்சம். உன் படத்தில் சனிக்கிழமை 13:02, 2.7. ஆக இது நம் ஊர்தான், நேரமும் மலேசிய நேரம்தான். கிள்ளான் துறைமுக அட்டவணை என்றால் உயரம் நாலு, ஐந்து மீட்டர் என்று நிற்கும், நேரமும் ஒத்துவராது. இனிமேல் ஊர் பெயரும் GMT+08:00 என்ற வரியும் தெரிகிற மாதிரி படம் எடு.

இன்னொன்று, செவ்வாய்க் காலை வற்றம் மங்கலாக இருக்கிறது, 0.9 ஆ 0.0 ஆ தெரியவில்லை. முதல்நாள் 0.7, மறுநாள் 1.2. நடுவில் திடீரென்று பூஜ்யம் வராது. 0.9 என்றே எடுத்துக்கொண்டேன்.

கணக்கு இப்படி. ஏற்ற நேரத்தைப் பார்த்து அதுதான் மீன் பிடிக்கிற நேரம் என்று கிளம்பிவிடாதே. மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்: ஜெட்டியில் தண்ணீர், கடலில் நங்கூரம் நிற்கிற அளவு ஓட்டம், பகல் வெளிச்சம்.

ஜெட்டித் தூணில் நான் சிவப்புச் சாயம் அடித்த கோடு இருக்கிறதே, அது அட்டவணையில் 1.2 மீட்டர். அதற்குக் கீழே போனால் நம் பதினாறு அடிப் படகு சேற்றில் உட்காரும். அட்டவணையில் 0.6 என்றால் ஜெட்டியில் 0.6 மீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அது கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து எடுத்த அளவு. நம் ஜெட்டியில் அந்த நேரம் நண்டுதான் நடக்கும். இந்தக் கோட்டை நான் சும்மா அடிக்கவில்லை. ஒரு பௌர்ணமி வாரம், நல்ல கத்தாளை கடிக்கிறதே என்று உட்கார்ந்து, ஐந்தே காலுக்குத் திரும்பினேன். ஜெட்டி விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, படகு அசையவில்லை. இரவு ஒன்பதரை வரை கொசுக்கடியில் சேற்றில் கிடந்தேன். உன் அத்தை ஜெட்டியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஓட்டத்துக்கு, வற்றத்திலிருந்து ஏற்றம் வரை உள்ள சுமார் ஆறு மணி நேரத்தைப் பார். தண்ணீர் சமமாக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவது நாலாவதில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நடு இரண்டு மணி நேரமும் ஓட்டம் பறக்கும், ஈயம் தரையில் நிற்காது, நங்கூரம் இழுபடும். இறங்கும்போதும் அதே கணக்கு. அதனால் பெரிய தண்ணீர் நாட்களில் ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும், தண்ணீர் திரும்பிய பிறகு முதல் ஒன்றரை இரண்டு மணி நேரமும்தான் நமக்கு.

வெள்ளி. வற்றம் 06:20 (0.7), ஏற்றம் 12:25 (2.6), வற்றம் 18:40 (0.6). எட்டரைக்கு முன்னால் படகு நகராது. தூண்டில் போட 10.40 முதல் 2.00 வரை. 3.50க்குள் ஜெட்டி, 4.20க்கு மேல் கோடு தெரிந்துவிடும்.

சனி. 06:58 (0.6), 13:02 (2.7), 19:15 (0.6). இந்த வாரத்திலேயே முரட்டுத் தண்ணீர் இன்றும் நாளையும். 9.20க்குக் கிளம்பு. 11.00 வரை ஓட்டம் அடிக்கும், அந்த நேரம் புலாவ் ரீமாவ் பக்கம் போய் அலையாதே, ஜெரெஜாக் தீவு மறைவில் உயிர் இறாலை வைத்துச் சின்ன மீன் பார். நல்ல நேரம் 11.15 முதல் 2.30. கொடுவா அந்தத் தண்ணீர் திரும்புகிற அரைமணி நேரத்தில்தான் கடிக்கும், அப்போது சோறு சாப்பிட உட்காராதே. 4.30க்குள் திரும்பிவிடு. 5.00 மணியோடு வழி அடைபட்டுவிடும்.

ஞாயிறு. 07:33 (0.6), 13:38 (2.7), 19:50 (0.7). ஜெட்டி 9.45க்குத் திறக்கும். 11.45 முதல் 3.15. வீட்டுக்கு 5.15.

திங்கள். 08:06 (0.7), 14:14 (2.6), 20:25 (0.8). 10.15க்குப் பிறகு கிளம்பலாம். 12.20 முதல் 4.00. நீ அரைநாள் லீவு எடுப்பதாக இருந்தால் இந்த நாளுக்கு எடு, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டே போகலாம். 6.00க்குள் ஜெட்டி.

செவ்வாய். 08:40 (0.9), 14:52 (2.4), 21:02 (1.0). தண்ணீர் தளர்கிறது. பத்தரைக்குக் கிளம்பலாம். 12.45 முதல் 4.45. ஜெட்டியில் ஏழரை வரை தண்ணீர் இருக்கும், ஆனால் இருட்டில் பாலத்துப் பக்கம் வராதே. வெளிச்சத்திலேயே திரும்பு.

புதன். 03:15 (2.3), 09:16 (1.2), 15:35 (2.2), 21:45 (1.2). எனக்கு இந்த வாரத்தில் பிடித்த நாள் இதுதான். வற்றமே கோட்டுக்குச் சமம், ஆக ஜெட்டி நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஒன்பதே கால் ஒட்டி மட்டும் மெதுவாக, மோட்டாரைத் தூக்கிவிட்டுத் தண்டு வைத்துத் தள்ளு. விடிந்ததும் போய் 8.00 முதல் 10.30 வரை ஒரு தடவை, வீட்டுக்கு வந்துவிட்டு 1.30 முதல் 5.30 வரை இன்னொரு தடவை. ஓட்டம் குறைவு என்பதால் ஈயத்தைப் பாதியாகக் குறை, இரை இயல்பாக மிதக்கும்.

வியாழன். 09:58 (1.4), 16:28 (1.9). ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அரை மீட்டர்தான் வித்தியாசம். ஆயர் மாத்தி, செத்த தண்ணீர். இன்று கணக்கைத் தலைகீழாகப் போடு: தண்ணீர் கொஞ்சமாவது நகர்வது நடுவில் மட்டும்தான், ஆகவே 12.00 முதல் 2.30. மற்ற நேரம் மீன் வாய் திறக்காது. பெட்ரோல் காசு மிச்சமாக வேண்டும் என்றால் போகாமல் வலையைப் பழுது பார்.

இந்த நேரங்களில் கால் மணி முன்பின் வரும், மழைக்காற்று அடித்தால் இன்னும் மாறும். கிளம்புமுன் தூணைப் பார், கோடு தண்ணீருக்குள் இருந்தால் போ. வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கையையும் பார். மேற்கே கருப்பாக ஒரு கோடு கிளம்பி காற்று சில்லென்று வந்தால், எவ்வளவு நல்ல நேரமாக இருந்தாலும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்துவிடு. சுமத்ரா காற்று பத்து நிமிடத்தில் வந்துவிடும், பதினைந்து குதிரைசக்தி மோட்டார் அதோடு மல்லுக்கட்டாது. உயிர்காப்புச் சட்டை உனக்கும் கூட வருகிறவனுக்கும் மேலேயே இருக்கட்டும், இருக்கைக்கு அடியில் வேண்டாம்.

சனிக்கிழமை 9.10க்குத் தூணைப் படம் எடுத்து அனுப்பு. கோடு எந்த நேரம் மறைகிறது என்று பார்த்து மற்ற நாட்களின் நேரத்தை நான் திருத்திச் சொல்கிறேன்.

மாமா